வௌவால் சிறகும் நான்கு கோடுகளும்: நிமோனியா என்று எழுதப்பட்ட ஒரு நெஞ்சுப் படம்

வந்தபோது இருந்த நிலை

நோயாளி 66 வயதுப் பெண்மணி. பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தக் கொதிப்பு உண்டு. இரண்டு மாத்திரைகள் எடுத்து வருகிறார். இரவு படுத்துத் தூங்கியவர் நள்ளிரவு தாண்டி மூச்சு முட்டி எழுந்திருக்கிறார். எழுந்து உட்கார்ந்தும் தணியவில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிட்டார். இருமலில் நுரை வந்தது. காய்ச்சல் இல்லை.

அவசரப் பிரிவில் எடுத்த அளவுகள்: மூச்சு நிமிடத்துக்கு 38, நாடி 124, இரத்த அழுத்தம் 218/120, வெளி ஆக்சிஜன் இல்லாமல் ஆக்சிஜன் செறிவு 80 சதவீதம். ஸ்டெதாஸ்கோப்பில் இரண்டு பக்கமும் நெஞ்சின் நடுப்பகுதி வரை நொறுநொறுவென்ற ஓசை. வெள்ளையணுக்கள் 13,800.

கட்டில் அருகிலேயே, உட்கார்ந்த நிலையில், முன்னிருந்து பின்னாகக் கதிர் செலுத்தி நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. இரண்டு நுரையீரலிலும் பெரிய வெண்மை. வெள்ளையணுவும் கூடியிருக்கிறது, படமும் வெளுத்திருக்கிறது என்பதால் முதல் குறிப்பில் "இருபக்க நிமோனியா" என்று எழுதி, ஆன்டிபயாடிக்கும் தொடங்கினார்கள்.

அந்தக் குறிப்பு எங்கே பிசகியது என்பதைப் படத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

படத்தைப் பார்ப்பதற்கு முன் படத்தின் தரம்

முதலில் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று பார்த்தாக வேண்டும். இரண்டு காறை எலும்புகளின் உள்முனைகளும் முதுகெலும்பின் நடுமுட்களிலிருந்து சம தூரத்தில் இருந்தன. ஆகவே உடல் திரும்பியிருக்கவில்லை. ஆனால் உதரவிதானத்துக்கு மேலே முன்விலா ஐந்துதான் எண்ண முடிந்தது. மூச்சை நன்றாக இழுத்திருந்தால் ஆறு தெரியும். மூச்சு முட்டுகிற ஒருவரிடம் ஐந்து விலா கிடைத்ததே நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அரைமூச்சுப் படத்தில் நுரையீரலின் அடிப்பகுதி நெருங்கி நின்று, இல்லாத வெண்மையையும் காட்டும் என்பது நினைவிருக்க வேண்டும்.

இதயத்தின் அகலம் நெஞ்சின் உள்ளகலத்தில் 0.52. நின்றபடி, பின்னிருந்து முன்னாக எடுத்த படத்தில் 0.5-ஐத் தாண்டினால் இதயம் பெரிது என்று சொல்லலாம். இந்தப் படம் முன்னிருந்து பின்னாக, கிட்டத்திலிருந்து எடுத்தது. இதில் இதயம் கதிர்க்குழாய்ப் பக்கமாக இருப்பதால் அதன் நிழல் பெரிதாகவே விழும். எனவே 0.52 என்பது இங்கே சாதாரண அளவுதான். "இதயம் பெருக்கவில்லை, அப்படியானால் இது இதயத்தால் வந்ததல்ல" என்ற முடிவுக்குத்தான் முதலில் பார்த்தவர்கள் போனார்கள். அதில்தான் பிசகு. இதயம் விரிவதற்கு வாரங்களும் மாதங்களும் வேண்டும். உடலுக்கு இரத்தத்தை இறைக்கும் கீழறையான இடது வென்ட்ரிகிளின் அழுத்தம் எகிறுவதற்குச் சில நிமிடங்கள் போதும். அந்த அழுத்தத்தால் நுரையீரலில் திடீரென்று நீர் கோக்கும் நீர்க்கோவையில் இதய நிழல் ஒழுங்காக இருப்பது சகஜம்.

சிறகு

வெண்மை இருந்த இடம்தான் முதல் தடயம். அது ஹைலத்திலிருந்து, அதாவது இரத்தக் குழாய்களும் மூச்சுக்குழாயும் நுரையீரலுக்குள் நுழையும் வாயிலிலிருந்து, இரண்டு பக்கமும் விரிந்து, வெளிப்புறம் போகப் போகக் கரைந்தது. நெஞ்சுச் சுவரை ஒட்டிய இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்கு நுரையீரல் கறுப்பாகவே இருந்தது. மேல் உச்சியும் அடி ஓரமும் ஓரளவு தெளிவு. வெண்மைக்கு நடுவே காற்று நிரம்பிய மூச்சுக்குழல்கள் கறுத்த கிளைகளாகத் தெரிந்தன. வெண்மை காற்று நுண்ணறைகளுக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு அது சான்று. வௌவால் சிறகு என்று படிப்பது இந்த உருவத்தைத்தான்.

ஓரம் மட்டும் ஏன் தப்புகிறது? இதற்கு ஒரே ஒரு காரணத்தைச் சொல்லி முடித்துவிட முடியாது. பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் இது. நுரையீரலின் வெளிப்பட்டை ஒவ்வொரு மூச்சுக்கும் அதிகமாக விரிந்து சுருங்குகிறது. அந்த அசைவு நிணநீரைப் பிழிந்து வெளியேற்றுகிறது. நடுப்பகுதியில் அந்தப் பிழிதல் குறைவு. கசிவு மெதுவாக இருந்தால் நிணநீர் எல்லா இடத்திலும் சமாளித்துக்கொள்ளும். கசிவு திடீரென்று பெருகினால் வடிகால் குறைந்த நடுப்பகுதிதான் முதலில் நிரம்பும்.

ஆகையால் சிறகு என்பது வேகத்தின் அடையாளம். நாள்பட்ட இதயச் செயலிழப்பில் மெல்ல மெல்ல நீர் கோக்கும்போது இந்த உருவம் அபூர்வம். நுரையீரலில் நீர் கோத்த நோயாளிகள் எல்லோரையும் எடுத்துக்கொண்டால் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே அச்சு அசலான சிறகு கிடைக்கும். கொதிப்பு எகிறுவது, மாரடைப்பு, மைட்ரல் வால்வின் நாண் அறுந்து திடீரென்று ஒழுகுவது, சிறுநீரகம் நின்றுபோய் நீர் தேங்குவது போன்ற நிலைகளில்தான் இதைப் பார்க்கிறோம். "சிறகு இல்லை, எனவே நீர்க்கோவை இல்லை" என்று யாரும் எழுதிவிடக் கூடாது.

சிறகு மட்டும் வைத்துக்கொண்டு இதயம்தான் காரணம் என்றும் எழுத முடியாது. நுண்ணறைக்குள் நீருக்குப் பதில் இரத்தம் கசிந்திருந்தாலும், நியூமோசிஸ்டிஸ் கிருமி தாக்கியிருந்தாலும், நுண்ணறைகளில் புரதம் படியும் நோயிலும் ஏறக்குறைய இதே உருவம் வரும். எக்ஸ்ரே கதிருக்கு நீர், சீழ், இரத்தம் மூன்றும் ஒரே வெண்மை. உள்ளே இருப்பது என்ன என்பதைச் சிறகு சொல்லாது. அதற்குப் படத்தின் வலது அடி மூலைக்குப் போக வேண்டும்.

நான்கு கோடுகள்

திரையில் முழுப் படத்தையும் வைத்துப் பார்த்தபோது இந்தக் கோடுகள் தெரியவில்லை. வலது விலா-உதரவிதானக் கோணத்துக்குச் சற்று மேலே உள்ள பகுதியை மட்டும் பெரிதாக்கி, கறுப்பு வெளுப்பு வீச்சைக் குறுக்கிய பிறகு தெரிந்தன. நெஞ்சுச் சுவரைத் தொட்டபடி, கிடைமட்டமாக, ஒன்றுக்கொன்று இணையாக நான்கு கோடுகள். நீளம் ஒன்றரை சென்டிமீட்டர். தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஏணிப்படிகளை ஓரமாகச் சாத்தி வைத்தது போல ஒன்றன் மேல் ஒன்றாக நின்றன. இவை கெர்லி பி கோடுகள். அயர்லாந்தில் பிறந்த கதிரியல் மருத்துவர் பீட்டர் கெர்லி 1933-இல் விவரித்ததால் இந்தப் பெயர்.

இந்தக் கோடுகள் உண்மையில் சுவர்கள். நுரையீரல் ஒன்று முதல் இரண்டரை சென்டிமீட்டர் அளவுள்ள நுண்மடல்களாகப் பிரிந்திருக்கிறது. மடலுக்கும் மடலுக்கும் இடையே உள்ள மெல்லிய சுவரில் சிரையும் நிணநீர்க் குழாயும் ஓடுகின்றன. ஒழுங்கான சுவரின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். அது எக்ஸ்ரேயில் தெரியாது. நீர் ஊறிச் சுவர் பருத்தால், கதிர் அதன் விளிம்பு வழியாக நேராக ஊடுருவும் இடத்தில் மட்டும் கோடாக விழும். நுரையீரலின் அடி ஓரத்தில் சுவர்கள் நன்றாக வளர்ந்து, வரிசையாகக் கிடைமட்டமாக நிற்பதால் அங்கேதான் இது எளிதில் அகப்படும். நிமிர்ந்து உட்காரும்போது சிரை அழுத்தம் அடியில் கூடுதலாக இருப்பதும் ஒரு காரணம்.

இரத்தக் குழாயை பி கோடு என்று எண்ணி ஏமாறுவது அடிக்கடி நடக்கிறது. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. இரத்தக் குழாய் கிளைவிட்டு, ஓரம் நோக்கிப் போகப் போக மெலிந்து, நுரையீரலை மூடியிருக்கும் ப்ளூரா உறைக்கு ஒரு சென்டிமீட்டர் முன்பே கண்ணிலிருந்து மறைந்துவிடும். பி கோடு கிளைவிடாது. ப்ளூராவைத் தொட்டே நிற்கும். சுவரைத் தொடாத கோட்டை பி கோடு என்று எண்ணிவிட வேண்டாம். இன்னொரு எச்சரிக்கையும் தேவை. கணினி படத்தின் விளிம்புகளைக் கூர்மையாக்கிக் காட்டும்போது சாதாரணக் குழாய்களும் கோடு கோடாக எழும்பும். ஐயம் வந்தால் கூர்மையாக்கலைக் குறைத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

ஏ கோடுகள் இதிலிருந்து வேறு. ஹைலத்திலிருந்து மேல்நோக்கிச் சாய்வாக இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் வரை நீளும், ஓரத்தைத் தொடாது. இந்தப் படத்தில் அவை இருந்திருந்தாலும் சிறகின் வெண்மை அவற்றை மூடியிருக்கும். நுரையீரல் அல்ட்ராசவுண்டில் "பி லைன்" என்று சொல்வதைக் கெர்லி பி கோட்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது ஒலியலை எதிரொலித்து உண்டாகும் செங்குத்து ஒளிக்கீற்று. பெயர் ஒத்துப்போவதோடு சரி.

வலது ஹைலத்துக்குப் பக்கத்தில், மேல்மடலுக்குப் போகும் ஒரு மூச்சுக்குழல் கதிரின் திசையிலேயே நின்றதால் வட்டமாகத் தெரிந்தது. அதன் சுவர் வழக்கமாகக் கூர்ப் பென்சிலால் வரைந்த வளையம் போல மெல்லியதாக இருக்கும். இங்கே நனைந்த தாளில் மை ஊறியது போலத் தடித்து மங்கியிருந்தது. வலது நுரையீரலின் குறுக்குப் பிளவுக்கோடும் தடித்திருந்தது. வலது விலா-உதரவிதானக் கோணம் சற்று மழுங்கியிருந்தது.

இந்த மூன்றையும் நான்கு கோடுகளோடு சேர்த்தால் நீர் நுண்ணறைக்குள் மட்டும் இல்லை, அதற்கு வெளியே உள்ள இடைத்திசு முழுவதும் ஊறியிருக்கிறது என்று தெரிகிறது. நிமோனியாவில் சீழ் நுண்ணறையில் தொடங்கிப் பக்கத்து நுண்ணறைக்குப் பரவும். காய்ச்சலில்லாத ஒருவருக்கு, இரண்டு மணி நேரத்தில், இரு பக்கமும் சமமாக, இடைத்திசுவையும் பிளவுக்கோட்டையும் சேர்த்து நனைக்கும் பழக்கம் அதற்கு இல்லை.

அழுத்தத்தின் படிகள்

இடது வென்ட்ரிகிளுக்கு மேலுள்ள அறையான இடது ஏட்ரியத்தின் அழுத்தம் நுரையீரல் சிரைகளுக்கும் நுண்குழாய்களுக்கும் அப்படியே திரும்பிப் போகிறது. அது 12 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் இருக்கும்வரை சிக்கல் இல்லை. 18-ஐ நெருங்கும்போது, நின்று எடுத்த படத்தில், மேல்மடல் சிரைகள் அடிமடல் சிரைகளைவிடப் பருத்துத் தெரியும். 18-லிருந்து 25 வரை நீர் இடைத்திசுவுக்குள் கசிகிறது. கெர்லி கோடுகளும் தடித்த மூச்சுக்குழல் வளையமும் தோன்றும் கட்டம் அது. 25-ஐத் தாண்டினால் நிணநீரால் ஈடுகொடுக்க முடியாமல் நுண்ணறைகள் நிரம்புகின்றன. இரத்தத்திலுள்ள புரதம் நீரைக் குழாய்க்குள் பிடித்து வைக்கும் விசையும் ஏறக்குறைய 25 தான் என்பதால் அந்த எண் தற்செயலானதல்ல.

இந்த எண்கள் புதிதாக அழுத்தம் ஏறிய நுரையீரலுக்குப் பொருந்தும். பல ஆண்டுகள் மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தவரின் நிணநீர்க் குழாய்கள் பெருத்துப் பழகியிருக்கும். அவருக்கு 25-க்கு மேலும் நுண்ணறை வறண்டே இருக்கலாம். மேல்மடல் சிரை பருத்திருக்கிறதா என்பதைப் படுத்து எடுத்த படத்தில் பார்ப்பதில் பயனே இல்லை. படுத்தால் எல்லோருக்கும் இரத்தம் மேல்மடலுக்குச் சமமாகப் பாயும்.

நம் நோயாளியின் படத்தில் இரண்டு படிகளும் ஒரே நேரத்தில் இருந்தன. கோடுகள் கீழ்ப்படியையும் சிறகு மேல்படியையும் காட்டின. காரணத்தைச் சொல்ல சிறகைவிடக் கோடுகளுக்கே வலு அதிகம்.

சிகிச்சையும் இரண்டாவது படமும்

நிமிர்த்தி உட்காரவைத்து, முகமூடி வழியாக 8 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தில் தொடர் காற்று கொடுக்கப்பட்டது. நைட்ரோகிளிசரின் நிமிடத்துக்கு 20 மைக்ரோகிராமில் தொடங்கி ஐந்து நிமிடத்துக்கொரு முறை கூட்டப்பட்டது. சிறுநீரைக் கூட்டும் ஃப்யூரோசமைடு 40 மில்லிகிராம் நரம்பில் போடப்பட்டது. இங்கே முதன்மையான சிக்கல், உடலில் நீர் அதிகமாக இருந்தது என்பதைவிட, உயர்ந்த அழுத்தத்துக்கு எதிராகத் தள்ள முடியாமல் நீர் நுரையீரல் பக்கம் ஒதுங்கியது என்பதுதான். அழுத்தத்தை இறக்குவதுதான் முதல் வேலை. நாற்பது நிமிடத்தில் இரத்த அழுத்தம் 158/90-க்கு வந்தது. ஆக்சிஜன் செறிவு 95-ஐத் தொட்டது. நோயாளி முழு வாக்கியம் பேசினார். இதயத்தின் சுமையைக் காட்டும் இரத்தச் சோதனையான என்டி-ப்ரோ-பிஎன்பி 6,200 என்று வந்தது. இந்த வயதில் 900-ஐத் தாண்டினாலே இதயச் செயலிழப்பை எண்ண வேண்டும்.

நான்கு மணி நேரம் கழித்து எடுத்த இரண்டாவது படத்தில் சிறகு ஏறக்குறைய அப்படியே இருந்தது. இங்கேதான் இன்னொரு தவறு நடக்கக் கூடும். படம் வெளுத்தே இருக்கிறது, மருந்து போதவில்லை என்று எண்ணி ஃப்யூரோசமைடை மேலும் மேலும் ஏற்றுவார்கள். அழுத்தம் இறங்கியதும் புதுக் கசிவு நின்றுவிடும். ஆனால் நுண்ணறைக்குள் ஏற்கெனவே புகுந்த நீரை அதன் உட்சுவர்ச் செல்கள் சோடியத்தை வெளியேற்றித்தான் உறிஞ்ச வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். நோயாளி தேறிய பிறகும் படம் ஒன்றிரண்டு நாள் பின்தங்கும். சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகும். இவருக்கு அதற்குள் 1.4 லிட்டர் சிறுநீர் போயிருந்தது. மூச்சு 20-க்கு வந்திருந்தது. மருந்தளவைக் கூட்டவில்லை.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. முகமூடிக் காற்று நுரையீரலை ஊதிப் பெரிதாக்குவதால், நீர் அப்படியே இருந்தாலும் படம் தெளிந்தது போலத் தோன்றும். இரண்டு படங்களை ஒப்பிடும்போது நோயாளியின் இருக்கை, எண்ணக்கூடிய விலாக்கள், கொடுத்த காற்றழுத்தம் மூன்றையும் சேர்த்து எழுதி வைப்பது அதனால்தான்.

30 மணி நேரத்தில் எடுத்த மூன்றாவது படத்தில் சிறகு காணாமல் போயிருந்தது. ஹைலத்தின் ஓரம் இன்னும் மங்கல். வலது அடியில் இரண்டு கோடுகள் மிச்சம். நான்காம் நாள் படத்தில் கோடுகளும் இல்லை. ஹைலத்துக் குழாய்களின் விளிம்பு கத்தியால் வெட்டியது போலக் கூர்மையாக இருந்தது. காய்ச்சலும் வராமல், கிருமி வளர்ப்புச் சோதனையிலும் எதுவும் வளராததால் ஆன்டிபயாடிக் இரண்டாம் நாளே நிறுத்தப்பட்டது. முதல் நாள் 13,800 என்று நின்ற வெள்ளையணு, உடல் பட்ட அதிர்ச்சியில் ஏறியது. மூன்றாம் நாள் தானாக 8,000-க்கு இறங்கியது.

கோடுகள் மறையாமலே இருந்திருந்தால் வேறு யோசிக்க வேண்டியிருக்கும். புற்றுநோய் நிணநீர் வழியாகப் பரவினாலும் இதே கோடுகள் வரும். அவை ஒரு பக்கம் மட்டும் இருக்கலாம், ஃப்யூரோசமைடுக்குக் கரையாது. ஆண்டுக்கணக்கில் மைட்ரல் சுருக்கம் இருந்தவருக்குச் சுவரில் இரும்புப்படிவும் தழும்பும் ஏற்பட்டு, அழுத்தம் குறைந்த பிறகும் கோடுகள் நிலைத்துவிடும்.

ஐந்து மாதத்துக்கு முந்தைய படம்

மூன்றாம் நாள், வீட்டார் பழைய கோப்பைக் கொண்டுவந்தார்கள். ஐந்து மாதத்துக்கு முன் வேறொரு மருத்துவமனையில் இதே போல நள்ளிரவில் மூச்சுத் திணறிச் சேர்க்கப்பட்டிருக்கிறார். இருபக்க நிமோனியா என்று ஏழு நாள் ஆன்டிபயாடிக். கோப்பில் இரண்டு படங்கள் இருந்தன. முதல் நாள் படத்தில் அதே சிறகு. மூன்றாம் நாள் படம் சுத்தம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியதுமே நோய் தெரிந்துவிட்டது. இரு நுரையீரலையும் மூடிய நிமோனியா மூன்றாம் நாளில் தடமில்லாமல் போகாது. வயதானவருக்கு அந்த நிழல் கரைய ஆறு வாரம், சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகும். இரண்டு நாளில் கரைவது பெரும்பாலும் நீர்தான். அந்த முதல் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தபோது வலது அடியில் இரண்டு கோடுகள் இருந்தன.

ஒரே நோயாளிக்கு இரண்டாவது முறையாகத் திடீர் நீர்க்கோவை. எக்கோவில் இதயம் இறைக்கும் திறன் 60 சதவீதம், அதாவது ஒழுங்கு. இடது வென்ட்ரிகிளின் சுவர் 14 மில்லிமீட்டருக்குத் தடித்திருந்தது. இடது ஏட்ரியம் பெருத்திருந்தது. வால்வு ஒழுக்கு இல்லை. தடித்து விறைத்த வென்ட்ரிகிள் நன்றாக இறைத்தாலும் எளிதில் தளர்ந்து நிரம்பாது. இரத்த அழுத்தம் எகிறிய சில நிமிடங்களில் அதன் பின்னால் உள்ள ஏட்ரியத்தில் அழுத்தம் ஏறிவிடும்.

இறைக்கும் திறன் ஒழுங்காக இருந்தும், கொதிப்பு எகிறி, நீர்க்கோவை மறுபடி வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சிறுநீரகத் தமனிகள் எப்படி இருக்கின்றன? சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.7 இருந்தது. டாப்ளர் சோதனையில் இரண்டு சிறுநீரகத் தமனிகளும் கடுமையாகச் சுருங்கியிருந்தன. இரு பக்கமும் சுருங்கினால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொண்டு கொதிப்பையும் ஏற்றுகிறது. இந்த நிலையில் கொதிப்புக்குத் தரும் ஏசிஇ தடுப்பு மருந்தை யோசிக்காமல் தொடங்கினால் கிரியாட்டினின் மளமளவென்று ஏறும். மறுபடி மறுபடி வரும் திடீர் நீர்க்கோவை, சிறுநீரகத் தமனிக்கு ஸ்டென்ட் வைப்பதைப் பற்றிப் பேசத் தகுந்த சில காரணங்களில் ஒன்று. அதன்படி நோயாளி இதய, சிறுநீரகப் பிரிவுகளின் கூட்டுப் பார்வைக்கு அனுப்பப்பட்டார். கோப்பின் முதல் பக்கத்தில் "இருபக்க நிமோனியா" என்பது அடிக்கப்பட்டு, இரண்டு சேர்க்கைகளுக்கும் ஒரே நோயின் பெயர் எழுதப்பட்டது.